கப்பல் இல்லாத கப்பல்காரர்

டிக்கெட்டைப் படித்தவள் பொன்னம்மைதான். அவள் கணவர் திரவியம் பெட்டியின் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கைபேசி மேசையில் கிடந்தது. முந்தின நாள் ராத்திரி அவருடைய தங்கை மகன் ஸ்ரீஜித் அனுப்பியிருந்த விமான டிக்கெட்டை எடுத்து, எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"கேட்டேளா, நாப்பது கிலோ கொண்டு போலாம்னு போட்டிருக்கு. நான் முப்பதுதான்னு நெனச்சு பேறுகால மருந்துப் பொடியெல்லாம் எடுத்து வெளிய வச்சிட்டேனே."

"எங்க போட்டிருக்கு?"

"இஞ்ச பாருங்கோ. நாப்பதுன்னு தெளிவா இருக்கு. நம்ம ஸ்ரீஜித் பய கெட்டிக்காரன்."

திரவியத்தின் கை பூட்டின் மேலேயே நின்றுவிட்டது.

எண்ணெய்க் கப்பல்களில் சமையல்காரராக இருந்து, இரண்டு வருஷத்துக்கு முன் கடல் வேலையை விட்டவர் அவர். நாற்பது கிலோ யாருக்குக் கொடுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். கப்பலில் ஏறப் போகிறவனுக்கும், இறங்கி வீடு திரும்புகிறவனுக்கும் விமானக் கம்பெனிகள் ஒரு தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன. காசு குறைவு, மூட்டை கூடுதல், தேதியை மாற்றினால் அபராதம் கிடையாது. கப்பல் எப்போது துறைமுகத்துக்கு வரும் என்று யாருக்கும் நிச்சயமில்லாததால் அந்தச் சலுகை. ஆனால் அந்த டிக்கெட்டோடு விமான நிலையத்தில் போய் நிற்பவன் இரண்டைக் காட்ட வேண்டும். ஒன்று, சி.டி.சி. என்று எல்லாரும் சொல்லும் கப்பல்காரர் புத்தகம். இன்னொன்று, இன்னார் எங்கள் இன்ன கப்பலில், இன்ன துறைமுகத்தில் ஏறப் போகிறார், அவரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால் செலவு எங்களுடையது என்று கப்பல் கம்பெனி எழுதிக் கொடுக்கும் கடிதம்.

திரவியம் எந்தக் கப்பலிலும் ஏறப் போகவில்லை. ஷார்ஜாவில் இருக்கும் மகளிடம் போகிறார்.

அஸ்வதிக்குப் பிரசவம் அடுத்த மாதம் என்றுதான் நாள் குறித்திருந்தார்கள். அதற்காகவே திரவியத்துக்கு முன்கூட்டி விசிட் விசா வந்துவிட்டது. பொன்னம்மையின் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. அது வந்ததும் இரண்டு பேருமாகப் போவதாக ஏற்பாடு. நேற்று அஸ்வதிக்கு ரத்த அழுத்தம் ஏறி, முகமும் காலும் வீங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். இன்று சாயங்காலம் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிடுவது என்று டாக்டர் முடிவு பண்ணியிருந்தார். அவள் கணவன் சுஜினும் கப்பல்காரன்தான். அவன் கப்பல் இப்போது பிரேசிலுக்குப் போகும் வழியில் நடுக்கடலில் இருக்கிறது. மூத்த குழந்தைக்கு இரண்டு வயது. அதைப் பக்கத்து வீட்டு ஷீஜா பார்த்துக்கொள்கிறாள். அவள் நர்ஸ், ராத்திரி வேலைக்குப் போயாக வேண்டும்.

"அப்பா, நீங்க வந்திருவியள்லா?" என்று நேற்று போனில் அஸ்வதி கேட்டாள். அவள் அழவில்லை. அழாமல் கேட்டதுதான் திரவியத்தை உலுக்கியது. அவள் பிறந்தபோது அவர் ரோட்டர்டாமில் இருந்தார்.

ஓணம் முடிந்து வளைகுடாக்காரர்கள் எல்லாரும் திரும்பும் நாட்கள். எந்த விமானத்திலும் இடமில்லை என்று மூன்று டிராவல்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். டிராவல்ஸ் ஆபீசில் வேலை பார்க்கும் ஸ்ரீஜித் மட்டும் ஒரு சீட்டைப் பிடித்தான். எப்படிப் பிடித்தான் என்பது இப்போதுதான் விளங்கியது.

திரவியம் அவனைக் கூப்பிட்டார்.

"மக்கா, நீ எனக்கு சீமேன் டிக்கெட்டா போட்டே?"

அந்தப் பக்கம் கீபோர்டில் தட்டும் சத்தம் கேட்டது.

"மாமா," என்றான் ஸ்ரீஜித் மெதுவாக. "ஆபீஸ்ல உங்க பேர அடிச்சா பழைய விவரம் எல்லாம் தன்னால வரும். பாஸ்போர்ட், சி.டி.சி. நம்பர், சீமேன்னு வச்சு ரேட்டு. இத்தன வருஷமா அப்படித்தானே போட்டுக்கிட்டு இருந்தோம். ராத்திரி அவசரத்துல நான் அத மாத்தல. சீட்டு இருக்குன்னு வந்ததும் அடிச்சிட்டேன்."

"இப்ப மாத்து."

"அதத்தான் பாக்கேன். கப்பல்காரங்களுக்குன்னு கொஞ்சம் சீட்டு தனியா விட்டிருக்கான். சாதாரண டிக்கெட்டுல நாலு நாளைக்கு ஒண்ணும் இல்ல மாமா. இத கேன்சல் பண்ணினா உள்ளதும் போயிரும்."

பொன்னம்மை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் புரியவில்லை, பயம் மட்டும் புரிந்துவிட்டது.

"ஒரு வழி உண்டு," என்றான் ஸ்ரீஜித். "உங்க சி.டி.சி. இன்னும் காலாவதி ஆகல்லல்லா? அத கையில எடுத்துக்கோங்க. லெட்டர் நான் அனுப்புகேன். எத்தன பேரு லெட்டர் இந்த ஆபீஸ் வழியா போயிருக்கு. அதுல ஒண்ண மாதிரியா வச்சு அடிச்சிருவேன்."

"யாரு கொடுத்த லெட்டர்?"

"மாமா, அஸ்வதிய நெனச்சுப் பாருங்க."

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் கடிதம் வந்துவிட்டது. அவர் கடைசியாக வேலை பார்த்த கம்பெனியின் பெயர், அதே முத்திரை, அவர் இறங்கிவந்த அதே கப்பல், ஃபுஜைரா துறைமுகம். கீழே யாரோ ஒருவருடைய கையெழுத்து. திரவியம் அதைப் படித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். வேண்டாம் என்று அவனிடம் சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து சி.டி.சி.யை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பொன்னம்மை சாமி படத்துக்கு முன்னால் இருந்து திருநீறு எடுத்துவந்து அவர் நெற்றியில் பூசினாள்.

"பொடி டப்பாவ வச்சிரட்டா?"

"வேண்டாம். முப்பது போதும்."

கார் ஈஞ்சக்கல் தாண்டி, விமான நிலையம் இருக்கும் சாக்கையை நோக்கிப் போனபோது அவர் வாய்க்குள் பத்மநாப சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை. கடிதத்தை நம்பும்படி செய் என்று கேட்க நாக்கு வரவில்லை. பிடிபடும்படி செய் என்றா கேட்பார்? பிடிபட்டால் என்ன ஆகும் என்பதைக் கப்பலில் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறார். விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். போலிக் கடிதம் என்று போலீசைக் கூப்பிட்டாலும் கூப்பிடலாம். அப்போது அஸ்வதியிடம் யார் போய்ச் சொல்வது?

விமான நிலைய வாசலில் காவலர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் மட்டும் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். அதற்கே அவருக்கு முதுகு வேர்த்துவிட்டது.

கவுன்ட்டரில் வரிசை நீண்டிருந்தது. முன்னால் உம்ரா யாத்திரைக்குப் போகும் கூட்டம். வெள்ளை உடுப்பில் ஆண்களும், கழுத்தில் ஒரே நிற அட்டை தொங்கும் பெண்களும், எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் விசாத்தாளையும் ஒரே பையில் வைத்திருந்த ஒரு வழிகாட்டியுமாக நின்றார்கள். ஷார்ஜாவில் விமானம் மாறி ஜித்தாவுக்குப் போகிறவர்கள். கூட்டமாக வாங்கிய டிக்கெட் என்பதால் எல்லாரும் சேர்ந்தே போக வேண்டும். யாத்திரை விசா இல்லாமல் ஒருவர் பெயரும் அதில் நிற்காது. வழிகாட்டி திரும்பத் திரும்பத் தலைகளை எண்ணினார். ஒரு வயதான அம்மாள் கழிப்பறைக்குப் போய் வருவதற்குள் அவர் முகம் வெளுத்துவிட்டது. அவள் திரும்பி வந்ததும், "எவிடெப் போயி உம்மா? எனிக்கு ஹார்ட் அட்டாக் வந்நேனெ," என்று மலையாளத்தில் சொல்லி நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

அவர்களுக்குப் பின்னால் வேலைக்குப் போகும் இளைஞர்கள் நான்கைந்து பேர். தொழிலாளிகளுக்கான சலுகை டிக்கெட். கவுன்ட்டரில் இருந்த பெண் ஒவ்வொருவரிடமும் வேலை விசாவை வாங்கிப் பாஸ்போர்ட் எண்ணோடு விரலை வைத்து ஒப்பிட்டாள். பத்தாவது படிக்காதவர்களின் பாஸ்போர்ட்டாக இருந்தால் வெளிநாட்டு வேலைக்கு அரசு கொடுக்கும் அனுமதியையும் கேட்டாள். அவள் சட்டையில் ராஜஸ்ரீ என்று பெயர் இருந்தது. அதன் கீழே பயிற்சியில் இருப்பவர் என்று ஒரு சின்னப் பட்டை. இருபத்து மூன்று வயசு இருக்கலாம்.

அவள் பின்னால் ஒரு மேற்பார்வையாளர் வந்து நின்றார்.

"ராஜஸ்ரீ, நேத்தைக்கு மாதிரி இன்னைக்கும் வேண்டாம் கேட்டியா," என்று மெதுவான குரலில், ஆனால் வரிசைக்குக் கேட்கும்படி சொன்னார். "லேபர் டிக்கெட்டுல விசிட் விசாக்காரன ஏத்தி விட்டே. எக்ஸ்பிளனேஷன் நான் எழுதிக் கொடுத்தேன். ரெண்டாம் தடவை எழுத மாட்டேன்."

"சரி, கேசவ் சார்."

அவள் தலை நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது.

திரவியத்தின் தோளை யாரோ தொட்டார்கள். அவர் துள்ளித் திரும்பினார்.

"அண்ணாச்சி, பயந்திட்டியளா? பேனா இருக்குமா?"

முப்பது வயசுக்காரன். தடித்த பெட்டி ஒன்று, தோளில் ஒரு பை. கையில் சி.டி.சி.யும் கடிதமும் பிளாஸ்டிக் உறைக்குள். திரவியத்தின் சட்டைப் பையில் தெரிந்த புத்தகத்தைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"நீங்களும் நம்ம ஆளா? எந்தக் கப்பல்?"

கப்பல்காரன் கப்பல்காரனிடம் கேட்கும் முதல் கேள்வி. தப்பே இல்லாத கேள்வி. இந்த வயதில் அதற்கு இப்படிப் பயப்பட வேண்டியிருந்தது.

"டேங்கர்," என்றார். அது அவர் வாழ்க்கை முழுவதற்கும் பொருந்தும் பதில்.

"நான் பல்க் கேரியர். ஏ.பி. மாலுமி. பேரு பிச்சைக்கனி, ஊரு ஈத்தாமொழி. ஃபுஜைராலதான் ஏறணும். ஆனா கப்பல் இன்னும் வரல்ல அண்ணாச்சி. ரெண்டு நாளு தாமசமாம். அது வரைக்கும் ஓட்டல்ல போடுவான். ஏசிய போட்டுக்கிட்டு குப்பூஸ் ரொட்டியத் தின்னுக்கிட்டு கெடக்கணும்." அவன் சிரித்தான். "உங்க கப்பலும் ஃபுஜைராவா?"

திரவியம் பேனாவை எடுத்து நீட்டினார். பிச்சைக்கனி அவரை ஒருமுறை கூர்ந்து பார்த்தான். பிறகு குனிந்து பெட்டியில் ஒட்டும் தாளில் பெயரை எழுதினான்.

கைபேசி அதிர்ந்தது. ஷீஜா அனுப்பிய செய்தி: பிரஷர் இன்னும் குறையவில்லை, சாயங்காலத்துக்கு முன்பே உள்ளே கொண்டுபோனாலும் போவார்கள், குழந்தை என்னோடு இருக்கிறது, நீங்கள் ஏறிவிட்டீர்களா? திரவியம் அதைப் படித்தார். அதற்கு மேலே ஸ்ரீஜித்தின் கடிதம் இருந்தது. அதைத் திறந்தார். கையில் தயாராக வைத்துக்கொண்டார்.

"அடுத்த ஆள் வரலாம்."

ராஜஸ்ரீ பாஸ்போர்ட்டை வாங்கித் திரையைப் பார்த்தாள். அவருடைய பெயரைப் படித்ததும் தமிழில் பேசினாள்.

"சீமேன் ஃபேர் அல்லே, அங்கிள்? சி.டி.சி. தாங்க."

கொடுத்தார். அவள் பக்கங்களைப் புரட்டினாள். செல்லுபடியாகும் தேதியைப் பார்த்தாள்.

"கம்பெனி லெட்டர்? போன்ல இருந்தா காட்டினா போதும்."

கடிதம் கையிலேயே இருந்தது. திரையைத் திருப்பினால் போதும். அவள் அதைப் பார்த்துவிட்டு, பார்த்தேன் என்று கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டு போர்டிங் அட்டையைக் கொடுத்துவிடுவாள். சாயங்காலம் அஸ்வதியின் பக்கத்தில் இருப்பார். அவ்வளவுதான் வேலை.

அவள் கையை நீட்டியபடியே காத்திருந்தாள். நகத்தைக் கடித்த விரல்கள். பின்னால் கேசவ் நின்றுகொண்டிருந்தார். திரவியம் காலையில் இருந்து தூக்கித் திரிந்த பயம் இனி யாருடைய தலையில் போய் இறங்கும் என்று அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்தது. விமானம் போன பிறகு கணக்குப் பார்ப்பவர்கள் பார்ப்பார்கள். விசிட் விசாக்காரனுக்குக் கப்பல் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பதில் சொல்ல அவர் இங்கே இருக்க மாட்டார். இந்தப் பெண் இருப்பாள். இவளும் ஒரு வீட்டின் அஸ்வதிதான்.

"லெட்டர் இல்ல, மோளே," என்றார். "எனக்குக் கப்பலும் இல்ல."

அவள் புரியாமல் பார்த்தாள். அவர் சொல்லிவிட்டார். ஆபீசில் பழைய விவரத்தை வைத்தே டிக்கெட் போட்டது, காலையில் தெரிந்தது, ஷார்ஜாவில் மகளுக்கு இன்றைக்கு ஆபரேஷன், எல்லாம். பேசி முடித்தபோது கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டார்.

ராஜஸ்ரீ கேசவைக் கூப்பிட்டாள். கேசவ் திரையையும் விசாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், இந்த டிக்கெட்டுல நான் உங்கள ஏத்த முடியாது," என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால் இன்னும் பயமாக இருந்தது. "விசிட் விசான்னா ரிட்டர்ன் டிக்கெட்டும் வேணும். அதுவும் இல்லை."

"சாதாரண டிக்கெட் விலை என்னவோ அத வாங்கிக்கோங்க. ரிட்டர்னும் எடுத்துக்கிடுகேன். இந்த சீட்டையே எனக்குத் தந்தா போதும்."

"சீட்டு இருந்தா இங்க கவுன்ட்டர்லயே வித்தியாசத்த வாங்கி மாத்தித் தந்திருவேன். இன்னைக்கு இருக்கிற சீட்ட விட ஒரு ஆளுக்குக் கூடுதலா வித்திருக்கு. எல்லாரும் வந்தாச்சு. யாரையாவது ஒருத்தர இறக்கியே ஆகணும். ஒழுங்கான டிக்கெட் வச்சிருக்கிறவர இறக்கிட்டு உங்கள எப்படி ஏத்த? நீங்களே சொல்லுங்க."

கேசவ் சொன்னது நியாயம். நியாயமான வார்த்தை ஒரு கதவைப் போல அவர் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது.

"அங்கிள், அந்த சேர்ல இருங்க," என்றாள் ராஜஸ்ரீ. தன்னுடைய தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். "கவுன்ட்டர் மூடுற வரைக்கும் நான் நோக்கறேன். யாராவது வேண்டான்னு சொன்னா."

யார் சொல்வார்கள்? உம்ராக் கூட்டத்தில் ஒருவர் பிரிந்தால் ஜித்தா விமானமும் போய்விடும். வேலைக்குப் போகும் பையன்கள் சேர வேண்டிய நாள் தவறினால் வேலையே போய்விடும். ராஜஸ்ரீ ஒவ்வொருவரிடமும், அடுத்த விமானத்தில் போக முடியுமா என்று கேட்டது திரவியத்துக்குக் கேட்டது. ஒவ்வொருவரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். யார்மேலும் அவருக்கு வருத்தம் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஸ்ரீஜித்தின் கடிதத்தை அழித்தார். ஷீஜாவுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பக்கத்தில் ஒரு தடித்த பெட்டி வந்து நின்றது.

"எல்லாம் கேட்டேன் அண்ணாச்சி," என்றான் பிச்சைக்கனி. "அப்பமே நெனச்சேன். கப்பல் பேரு சொல்லாத கப்பல்காரன நான் இன்னைக்குத்தான் பாக்கேன்."

திரவியம் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் போவாம இருந்தா உங்களுக்கு சீட்டு கிடைக்குமா?"

"உனக்கு வேலைல்லா, மக்கா."

"எனக்கு சீமேன் டிக்கெட்டு. தேதி மாத்தினா அபராதம் இல்ல. நாளைக்கழிச்சு ஃபிளைட்டுல கப்பல்காரங்க சீட்டு இருக்குன்னு அந்தப் பிள்ள சொல்லுது. அது உங்களுக்குத் தர முடியாது, எனக்குத் தரலாம். கப்பலு வர எப்படியும் ரெண்டு நாளு ஆவும். ஆனா டிக்கெட் எடுத்தது கம்பெனி. அவன் சரின்னு சொல்லணும்."

அவன் சென்னையில் இருக்கும் கம்பெனி ஆபீசுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டான். வரிசை கரைந்துகொண்டு வந்தது. கேசவ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராஜஸ்ரீ ஒரு பெட்டிக்கு அட்டை ஒட்டுவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். அதை வேண்டுமென்றே செய்கிறாள் என்று திரவியத்துக்குப் பட்டது. மூன்றாம் தடவை யாரோ எடுத்தார்கள்.

பிச்சைக்கனி எழுந்து நடந்துகொண்டே பேசினான். "ஆமா சார்... ஆமா, ஓட்டல் செலவும் உங்களுக்கு மிச்சம்... இல்ல சார், உடம்புக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன்... ஒரு மெயில் மட்டும் ஏர்லைனுக்கு அனுப்புங்க." பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றான். அவன் முகத்தில் இருந்து ஒன்றும் தெரியவில்லை. திரவியம் கண்ணை மூடிக்கொண்டார். இப்போது என்ன கேட்பது என்று அவருக்குத் தெரிந்தது. பத்மநாபா, அந்த ஆபீசில் இருக்கிற முகம் தெரியாத மனுஷனுக்கு நல்ல மனசைக் கொடு.

"அனுப்புதானாம்," என்றான் பிச்சைக்கனி.

மெயில் வர நேரமாயிற்று. அது வந்ததும் ராஜஸ்ரீ அவனுடைய டிக்கெட்டை மாற்றினாள். கேசவ் தாமே உட்கார்ந்து திரவியத்துக்குச் சாதாரண டிக்கெட்டும் திரும்பி வரும் டிக்கெட்டும் போட்டார். கார்டு இயந்திரத்தில் தாள் சிக்கி, ரசீது அச்சாகாமல் கொஞ்ச நேரம் நின்றபோது, நான்கு பேரும் அதையே பார்த்தார்கள்.

"உங்க டிராவல்ஸ்காரருக்கு அபராத நோட்டீஸ் வரும்," என்றார் கேசவ். "அது நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க சார். அவனுக்கு அது வேணும்."

கேசவ் உதட்டோரம் லேசாகச் சிரித்தார். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எங்க அம்மாவும் இப்படித்தான், துபாய்க்குப் போயி அக்காவுக்குப் பிரசவம் பார்த்தா," என்று மட்டும் சொன்னார்.

திரவியம் பிச்சைக்கனியின் கையைப் பிடித்தார். "வீட்டுக்குப் போயிட்டு வா. பிள்ளைகளோட ரெண்டு நாளு இருக்கலாம்லா."

"வீட்டுக்குப் போவ முடியாது அண்ணாச்சி." அவன் சங்கடமாகச் சிரித்தான். "எங்க அம்மைக்கு ஒரு பயம். கப்பலுக்குன்னு வாசல் தாண்டினவன் கப்பல் ஏறாம திரும்பி வரக் கூடாது. எங்க அய்யா ஒரு தடவ அப்படி வந்திட்டுப் போனவருதான். பொறவு வரல்ல. அதுனால எம் பெண்டாட்டி மாடம்மாள்கிட்டயும் நான் ஷார்ஜால இருக்கேன்னுதான் சொல்லணும். தம்பானூர்ல ஏதாவது லாட்ஜுல கெடக்கேன்."

இதைத் தெரிந்துகொண்டுதான் அவன் சீட்டை விட்டிருக்கிறான். அப்படி விட்டதைச் சொல்லவும் இல்லை. வீட்டுக்குப் போ என்று சொல்லியிருக்காவிட்டால் தெரிந்தே இருக்காது என்று நினைத்தபோது திரவியத்துக்கு மனசு கலங்கியது. நன்மை செய்கிறவர்கள் பெரும்பாலும் அதற்கான செலவை நம் கண்ணில் படாமல்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

"லாட்ஜ் வேண்டாம்," என்றார். "மணக்காட்டுல என் வீடு இருக்கு. எம் பெண்டாட்டி அங்க பயந்து ஒத்தைக்கு இருக்கா. நீ போயி இருந்தா அவளுக்கும் ஒரு துணை. அது உன் வீட்டு வாசல் இல்லல்லா, உங்க அம்மைக்குப் பயம் வேண்டாம். நல்லாத்தான் சமைப்பா. என்னளவுக்கு இல்ல."

பிச்சைக்கனி தயங்கினான். திரவியம் அதற்குள் போனை எடுத்துப் பொன்னம்மையிடம் பேசிவிட்டார். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. "வரச் சொல்லுங்கோ," என்றாள். "மீனு திங்குமா அந்தப் பிள்ள?"

ராஜஸ்ரீ அட்டையைக் கொடுத்து, "ஓடுங்க அங்கிள், இமிகிரேஷன்ல கூட்டம் உண்டு," என்றாள். ஓடினார். திரும்பிப் பார்க்க நேரமில்லை.

பயம் அத்தோடு தீரவில்லை. குடியேற்ற அதிகாரி முகத்தை நிமிர்ந்து பார்த்தபோதும், விமானம் ஓடுபாதையில் காத்து நின்றபோதும், கடல்மேல் வந்த பிறகும் அது கூடவே இருந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் காலையில் இருந்த பயம் வேறு. அது ஒளிந்துகொள்ளச் சொன்னது. இது கைகூப்பச் சொன்னது.

ஷார்ஜாவில் டாக்ஸியை விட்டு இறங்கி ஆஸ்பத்திரிக்குள் ஓடினார். மாடியில் நடைபாதையின் கடைசியில் ஷீஜா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அவரைக் கண்டதும் குழந்தையை அவரிடம் கொடுத்தாள். அது தூக்கத்தில் ஒருமுறை சிணுங்கிவிட்டு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

"அஸ்வதி?"

"உள்ளே கொண்டுபோகப் போறாங்க அங்கிள். இப்பத்தான்."

கதவு திறந்தது. பச்சை உடுப்பில் ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். பின்னால் உருளும் கட்டிலில் அஸ்வதியின் வீங்கிய முகம் கொஞ்சமாகத் தெரிந்தது. கண்கள் கதவைத்தான் தேடின.

"அஸ்வதியுடெ கூடெ ஆரா உள்ளது?" என்று, கூட இருப்பது யார் என மலையாளத்தில் கேட்டாள் நர்ஸ்.

திரவியம் குழந்தையை அணைத்துக்கொண்டு முன்னால் போனார்.

"நான் இருக்கேன்," என்றார். "அவ அப்பா."